தொடர்பு எண்ணில் பிளஸ் காணாமல் போனால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் தொலைபேசிப் பட்டியலைப் பல ஆண்டுகளாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சென்னையில் இருப்பவர்கள், யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள், சிங்கப்பூரில் வேலைக்குப் போனவர்கள் என்று எல்லாரும் அதில் இருக்கிறார்கள். ஒரு முறை அந்தப் பட்டியலின் சிஎஸ்வி கோப்பை, அதாவது காற்புள்ளியால் பிரித்து எழுதிய `.csv` கோப்பை, ஒரு நண்பர் எக்செலில் திறந்து, இரண்டு பெயரைத் திருத்தி, சேமித்து அனுப்பினார். வந்த கோப்பில் பாதி எண்களுக்கு முன்னால் பிளஸ் இல்லை. மீதிப் பாதி எண்களாகவே இல்லை. அதைச் சரிசெய்ய எனக்கு மூன்று மாலைகள் ஆயின. அப்போது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிளஸ் ஏன் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது அலங்காரக் குறி அல்ல. "நான் இருக்கும் நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு அழைக்க எந்த முன்னெண் உண்டோ அதை இங்கே போட்டுக்கொள்" என்று கைபேசிக்குச் சொல்லும் குறி அது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த முன்னெண் 00, அமெரிக்காவில் 011, ஆஸ்திரேலியாவில் 0011. பிளஸ் போய்விட்டால் மிச்சமிருக்கும் இலக்கங்களை உள்ளூர் எண்ணாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

எதையும் தொடும் முன்: நோட்பேடில் பாருங்கள்

பிளஸ் கோப்பிலேயே இல்லையா, அல்லது திரையில் மட்டும்தான் தெரியவில்லையா? எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. எக்செலை மூடுங்கள். "சேமிக்கவா?" என்று கேட்டால் `Don't Save` கொடுங்கள். பிறகு கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, `Open with` வழியாக நோட்பேடில் திறங்கள். நல்ல நிலையில் இருக்கும் கோப்பு இப்படித் தெரியும். எல்லாம் மாதிரி எண்கள்தான்.

```
Name,Phone
கவிதா,+919876543210
செந்தில்,+91 98765 43211
ரஞ்சனி,+94771234567
ஆனந்த்,+6581234567
மலர்,+91-98765-43212
```

இங்கே பிளஸ் இருந்தால் எதுவும் தொலையவில்லை, திறக்கும் முறையை மாற்றினால் போதும். நோட்பேடிலும் பிளஸ் இல்லை என்றால், யாரோ எங்கோ ஒரு முறை திறந்து சேமித்திருக்கிறார்கள். அதற்கு வைத்தியம் வேறு, கீழே வருகிறது.

காரணம் எளிது. சிஎஸ்வி கோப்பு வெறும் எழுத்து. இது தொலைபேசி எண், இது தேதி, இது விலை என்ற தகவல் எதுவும் அதில் இருக்காது. டபுள் கிளிக் செய்ததும் எக்செல் ஒவ்வொரு செல்லையும் பார்த்துத் தானே ஊகிக்கிறது. `+919876543210` என்பது அதன் கண்ணில் ஒரு நேர்ம எண், அதாவது கூட்டல் குறி போட்டு எழுதிய 919876543210. கணக்கில் +5-க்கும் 5-க்கும் வித்தியாசம் இல்லை அல்லவா? அதனால் குறியை உதறிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறது. எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டாலும் இதே கதைதான். சிஎஸ்வியில் மேற்கோள் குறி காற்புள்ளியைப் பாதுகாக்கத்தான் உதவும், "இது எழுத்து" என்று சொல்லாது.

அறிகுறி: சில எண்களில் பிளஸ் இருக்கிறது, சிலவற்றில் இல்லை

இதைப் பார்த்துத்தான் பலர் குழம்பிப்போகிறார்கள். மேலே உள்ள ஐந்து வரிகளையே டபுள் கிளிக் செய்து திறந்து பாருங்கள். செந்திலின் எண் அப்படியே `+91 98765 43211` என்று, செல்லின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். நடுவில் இடைவெளி இருப்பதால் அதை எண்ணாக வாசிக்க எக்செலால் முடியவில்லை, எழுத்தாகவே விட்டுவிட்டது. கவிதா, ரஞ்சனி, ஆனந்த் மூவரின் எண்களும் வலது ஓரத்துக்குப் போய்விடும், பிளஸ் இருக்காது. இடது ஓரம் என்றால் எழுத்து, வலது ஓரம் என்றால் எண். நெடுவரிசையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தால் எது தப்பியது, எது மாட்டியது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

கைபேசியில் எண்களைச் சேர்க்கும்போது சிலர் இடைவெளி விட்டுச் சேர்க்கிறார்கள், சிலர் சேர்த்தே அடிக்கிறார்கள். அதனால்தான் ஒரே பட்டியலுக்குள் இரண்டு விதமும் கலந்து கிடக்கின்றன.

அறிகுறி: எண்ணுக்குப் பதில் 9.19877E+11

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். `General` வடிவத்தில் இருக்கும் செல் 11 இலக்கம் வரை முழுதாகக் காட்டும். 12 இலக்கம் ஆகிவிட்டால் சுருக்கிவிடும். இந்தியக் கைபேசி எண் 91-ஐச் சேர்த்துச் சரியாக 12 இலக்கம். ஆகவே பிளஸ் போன இந்திய எண்கள் எல்லாம் இந்த வடிவத்துக்குப் போய்விடும். நெடுவரிசையை எவ்வளவு அகலமாக்கினாலும் மாறாது. ரஞ்சனியின் இலங்கை எண் 11 இலக்கம்தான் என்பதால் அகலமாக்கினால் முழுதாகத் தெரியும்.

செல்லைக் கிளிக் செய்து மேலே ஃபார்முலா பட்டையைப் பாருங்கள். அங்கே 919876543210 முழுதாக இருக்கும். எக்செல் 15 இலக்கம் வரை பிசகாமல் வைத்திருக்கும். பன்னாட்டுத் தொலைபேசி எண்ணுக்கு விதித்திருக்கும் உச்ச நீளமும் 15 இலக்கம்தான். ஆக, திறந்த நிலையில் எந்த இலக்கமும் போகவில்லை.

சேமித்தால்தான் போகும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது எக்செல் உள்ளே இருக்கும் மதிப்பை எழுதுவதில்லை, வடிவமைப்பின்படி வெளியே காட்டுவதைத்தான் எழுதுகிறது. கோப்பில் `9.19877E+11` என்றே பதிவாகிவிடும். அடுத்த முறை திறந்தால் அது 919877000000. நாட்டுக் குறியீட்டுக்கு இரண்டு இலக்கம் போனால், கவிதாவின் பத்து இலக்க எண்ணில் நான்கு இலக்கம்தான் மிச்சம், அதிலும் கடைசி இலக்கம் மேல்நோக்கித் தோராயமாக்கியது. அதே இலக்கங்களில் தொடங்கும் எண் வைத்திருக்கும் எல்லாருக்கும் இனி ஒரே எண்தான். எந்த ஃபார்முலாவாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இன்னும் சேமிக்கவில்லை, ஆனால் நிறையத் திருத்தம் செய்துவிட்டீர்கள், மூடவும் மனமில்லை என்றால், முதலில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, `Format Cells` போய், `Number` வடிவத்தில் தசம இடம் 0 என்று வையுங்கள். இலக்கங்கள் முழுதாக வெளியே வந்துவிடும். பிளஸை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: தொலைபேசி எண் இருந்த இடத்தில் -141886

மலரின் எண்ணுக்கு இது நேரும். `+91-98765-43212` என்பதை எக்செல் ஒரு கணக்காக எடுத்துக்கொள்கிறது: 91-இலிருந்து 98765-ஐக் கழி, அதிலிருந்து 43212-ஐக் கழி. விடை கழித்தல் 141886. செல்லைக் கிளிக் செய்தால் ஃபார்முலா பட்டையில் `=+91-98765-43212` என்று பழைய எண் இன்னும் இருக்கும். அதைப் பார்த்து எண்ணை மீட்டுவிடலாம். சிஎஸ்வியாகச் சேமித்த பிறகு விடை மட்டும்தான் மிஞ்சும்.

சரியாகத் திறக்கும் முறை

எக்செலில் டபுள் கிளிக் செய்யாமல், வெற்றுப் பணித்தாள் ஒன்றைத் திறந்து `Data` தாவலில் `From Text/CSV` கொடுங்கள். கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு முன்னோட்டச் சாளரம் வரும். `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` என்று வையுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாக வரும். `Data Type Detection` என்ற இடத்தில் `Do not detect data types` என்று மாற்றுங்கள். மாற்றிய உடனே முன்னோட்டத்திலேயே பிளஸ் திரும்பி வருவதைப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் அதில் விழுந்திருக்கிறேன். ஊகிக்க வேண்டாம் என்று சொன்னதும் தலைப்பு வரிசையையும் அது சாதாரண வரிசையாக நினைத்துக்கொண்டு, மேலே `Column1`, `Column2` என்று போட்டுவிடும். அதைச் சரிசெய்ய `Transform Data` அழுத்தி `Use First Row as Headers` கொடுப்போம். கொடுத்தவுடன் அது தானாகவே இன்னொரு படியைச் சேர்த்து, நெடுவரிசைகளை மறுபடி எண்ணாக மாற்றிவிடும். பிளஸ் மறுபடியும் போய்விடும். வலது பக்கம் `Applied Steps` பட்டியலைப் பாருங்கள். கடைசியில் `Changed Type` என்று ஒன்று இருந்தால், அதன் பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி நீக்குங்கள். பிளஸ் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் `Close & Load` அழுத்த வேண்டும்.

பழைய எக்செல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கோப்பின் பெயரில் `.csv` என்பதை `.txt` என்று மாற்றிவிட்டு, `File`, `Open` வழியாகத் திறங்கள். மூன்று படியில் கேள்வி கேட்கும் சாளரம் ஒன்று வரும். முதல் படியில் `File origin` இங்கேயும் `65001: Unicode (UTF-8)` ஆக இருக்கட்டும். இரண்டாவது படியில் `Comma` தேர்ந்தெடுங்கள். மூன்றாவது படியில், கீழே தெரியும் தொலைபேசி நெடுவரிசையைக் கிளிக் செய்து `Text` என்று வையுங்கள். தொலைபேசிக்கு இரண்டு மூன்று நெடுவரிசை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

புதிய எக்செல்லில் `Options`, `Data` பகுதியில் தானியங்கி மாற்றங்களை நிறுத்தும் அமைப்புகள் வந்திருக்கின்றன. முன்னால் உள்ள பூஜ்யத்தைக் காப்பது, நீண்ட எண்களைக் காப்பது என்று சில பெட்டிகள் அங்கே இருக்கும். பிளஸுக்கென்று ஒரு பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அதை மட்டும் நம்பி டபுள் கிளிக் செய்யாதீர்கள்.

கூகுள் ஷீட்ஸில் வேலை சுலபம். `File`, `Import` போய்க் கோப்பை ஏற்றியதும் வரும் பெட்டியில் `Convert text to numbers, dates, and formulas` என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். லிப்ரே ஆபிஸ் கால்க் இன்னும் நல்லது. டபுள் கிளிக் செய்தாலும் கேட்காமல் திறக்காது, முதலில் ஒரு சாளரம் காட்டும். அதில் `Character set` யூடிஎஃப்-8 தானா என்று பார்த்துக்கொண்டு, கீழே முன்னோட்டத்தில் தொலைபேசி நெடுவரிசையின் தலையைக் கிளிக் செய்து, `Column type` என்பதை `Text` ஆக்குங்கள்.

அறிகுறி: ஒரு எண்ணைத் திருத்தினேன், அதில் மட்டும் பிளஸ் போய்விட்டது

எழுத்தாக உள்ளே வந்துவிட்டாலும் செல்லின் வடிவம் `General` ஆகவே இருந்திருக்கலாம். கை வைக்காதவரை எழுத்து எழுத்தாகவே இருக்கும். செல்லுக்குள் போய் ஒரு இலக்கத்தை மாற்றி என்டர் தட்டினால், எக்செல் அதைப் புதிதாக அடித்ததாக எடுத்துக்கொண்டு மறுபடி ஊகிக்கும். அதனால் கோப்பை ஏற்றிய கையோடு தொலைபேசி நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து வடிவத்தை `Text` ஆக்கிவிடுங்கள். கூகுள் ஷீட்ஸில் இது `Format`, `Number`, `Plain text`.

இதில் வரிசை முக்கியம். ஏற்கெனவே எண்ணாகிவிட்ட செல்லை `Text` ஆக்கினால் பிளஸ் திரும்பி வராது. உதறியது உதறியதுதான்.

ஓரிரு எண்ணை மட்டும் சேர்க்க வேண்டும் என்றால் `'+919876543210` என்று முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு அடியுங்கள். சிஎஸ்வியில் அந்த மேற்கோள் பதிவாகாது. செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் வந்து `Convert to Number` என்று யோசனை சொன்னால், அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அறிகுறி: சரியாகச் சேமித்தேன், மறுபடி திறந்தால் பிளஸ் இல்லை

சேமித்தது சரியாகத்தான் இருக்கும். சோதித்துப் பார்க்க டபுள் கிளிக் செய்திருப்பீர்கள், அங்கேதான் போயிருக்கும். `.csv` கோப்பு செல் வடிவங்களைச் சேமிப்பதில்லை. நீங்கள் `Text` என்று வைத்தது எக்செலின் சொந்த `.xlsx` கோப்பில்தான் நிலைக்கும். எனவே சோதனையை நோட்பேடில் செய்யுங்கள். திருத்திக்கொண்டே இருக்கும் பட்டியலை `.xlsx` ஆக வைத்துக்கொள்வதும், கைபேசிக்கு ஏற்றப்போகும் நாளில் மட்டும் சிஎஸ்வி எடுப்பதும் என் வழக்கம். எடுக்கும்போது `CSV UTF-8 (Comma delimited)` என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். வெறும் `CSV` என்று எடுத்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும்.

பிளஸைக் காக்க, சிஎஸ்விக்குள்ளேயே `="+919876543210"` என்று எழுதும் தந்திரத்தைச் சிலர் சொல்வார்கள். எக்செலில் அது அழகாகத் தெரியும். அதே கோப்பைத் தொடர்புப் பட்டியலில் ஏற்றினால் சமக்குறியும் எண்ணோடு போய் உட்கார்ந்துகொள்ளும். நான் இதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

நோட்பேடிலும் பிளஸ் இல்லை, ஆனால் இலக்கங்கள் முழுதாக இருக்கின்றன

இதை மீட்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிளஸ் போடக் கூடாது. மூலத்திலேயே நாட்டுக் குறியீடு இல்லாமல் 9876543210 என்று ஒருவர் சேமித்திருந்தால், பிளஸ் போட்டவுடன் அது +98 ஆகிவிடும். அது ஈரானின் குறியீடு. சங்கப் பட்டியலில் எனக்குச் சந்தேகம் இல்லாமல் கிடைத்தவை 91-இல் தொடங்கும் 12 இலக்க எண்கள் மட்டும்தான். அவற்றுக்கு மட்டும் பிளஸ் போட்டு, மற்றதைக் கையால் பார்க்க ஒதுக்கினேன். எண்கள் C நெடுவரிசையில் இருந்தால், பக்கத்தில் காலியான ஒரு நெடுவரிசையில் இதைப் போடுங்கள்:

```
=IF(LEFT(C2,1)="+",C2,IF(AND(LEN(C2)=12,LEFT(C2,2)="91"),"+"&TEXT(C2,"0"),"பார்க்க"))
```

பிளஸோடு தப்பியவற்றை இது தொடாது. 12 இலக்க இந்திய எண்களுக்குப் பிளஸ் சேர்க்கும். மீதி எல்லாவற்றுக்கும், எண்ணே இல்லாத வரிசைக்கும்கூட, "பார்க்க" என்று எழுதும். கீழ்வரை இழுத்துவிட்டு, விடைகளை நகலெடுத்து, `Paste Special`, `Values` வழியாக `Text` வடிவம் வைத்த புதிய நெடுவரிசையில் ஒட்டுங்கள். ஃபார்முலா போடும் நெடுவரிசை `General` ஆக இருக்கட்டும். அங்கே `Text` வைத்தால் ஃபார்முலாவே எழுத்தாக நிற்கும்.

"பார்க்க" என்று வந்தவற்றில்தான் நேரம் போகும். ரஞ்சனியின் 94771234567 பிரச்சினை இல்லை. 11 இலக்கம், 94-இல் தொடங்குகிறது, ஆகவே இலங்கை. ஆனந்தின் எண்ணில்தான் நான் தடுக்கி விழுந்தேன். சிங்கப்பூர் எண் நாட்டுக் குறியீட்டோடு சேர்த்துப் பத்தே இலக்கம், 6581234567. இந்தியக் கைபேசி எண்ணும் பத்து இலக்கம், 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றில் தொடங்கும். பிளஸ் போன பிறகு இரண்டையும் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. "பத்து இலக்கம் என்றால் +91 போடு" என்று முதலில் ஒரு ஃபார்முலா எழுதி வைத்திருந்தேன். சிங்கப்பூரில் இருப்பவர்கள் எல்லாரும் அதில் இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள். கடைசியில் 65-இல் தொடங்கும் பத்து இலக்க எண்களை வடிகட்டி எடுத்து, பெயரைப் பார்த்து, யார் எங்கே இருக்கிறார் என்று நினைவுபடுத்தி, ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன்.

முன்னால் பூஜ்யம் வைத்து 044 என்று சேமித்த சென்னைத் தரைவழி எண்களும் இந்தப் பத்து இலக்கக் கூட்டத்தில்தான் வந்து நிற்கும். அவை 44-இல் தொடங்கும். அவற்றுக்கு வெறும் பிளஸ் போட்டால் +44, அதாவது பிரிட்டன். +91 போட வேண்டும்.

கோப்பில் 9.19877E+11 என்றே பதிவாகிவிட்டது

இந்தக் கோப்பை விட்டுவிட்டு மூலத்துக்குப் போங்கள். எண்கள் வந்த கைபேசியிலிருந்தோ கணக்கிலிருந்தோ மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள், அல்லது மின்னஞ்சலில் பழைய இணைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். பெயர்த் திருத்தங்களை மட்டும் கெட்ட கோப்பிலிருந்து எடுத்து நல்ல கோப்பில் சேருங்கள்.

கெட்ட கோப்பைக் கூகுள் தொடர்புகளில் ஏற்றியே விட்டீர்கள் என்றால், அதன் இணையப் பக்கத்தில் அமைப்புகளுக்குள் `Undo changes` இருக்கிறது. 30 நாள் வரை பின்னோக்கிப் போகலாம். ஏற்றியதற்கு முந்தைய நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பும். இடையில் சேர்த்த புது எண்கள் போய்விடும், அவற்றைத் தனியே குறித்துவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எண்களைத் திருத்த வேண்டாம், ஒரு கைபேசியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் போதும் என்றால், எக்செலே தேவையில்லை. ஏற்றுமதி செய்யும்போது சிஎஸ்விக்குப் பதிலாக விகார்ட் என்று கேளுங்கள், `.vcf` கோப்பு கிடைக்கும். அதையும் நோட்பேடில் திறந்து பார்க்கலாம். எண் இருக்கும் வரி இப்படி இருக்கும், பிளஸ் அதன் இடத்திலேயே:

```
TEL;TYPE=CELL:+919876543210
```